விளக்கத்துக்கு எழுத்துத் தமிழ், உரையாடலுக்குப் பேச்சு

சென்னையில் மனை வாங்குவோருக்காகப் பேச்சுத் தமிழில் எழுதிய குறிப்பொன்றில், ‘தங்கச்சி கையெழுத்து போட்டா பத்திரம் செல்லும்’ என்ற வரியைச் சிலர் ‘போட்டால்’ என்றும் சிலர் ‘போட்டாள்’ என்றும் படித்தனர். பேச்சில் ஈற்று ல், ள் இரண்டும் தேய்ந்துவிடுவதால், குரல் தீர்த்துவைக்கும் ஐயம் எழுத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. ஆகவே நிபந்தனையும் கெடுவும் வரும் பத்திகளை எழுத்துத் தமிழுக்கு மாற்றினேன். தரகரின் ‘இப்பவே அட்வான்ஸ் குடுத்துடுங்க சார்’ என்பதை மட்டும் மேற்கோளுக்குள் விட்டுவைத்தேன், ஏனெனில் அந்த அவசரம் ‘முன்பணம் தருக’ என்பதில் வராது. எங்கள் பேட்டை இட்லிக் கடையைப் பற்றி அக்கம்பக்கத்தாருக்கு எழுதும்போது முழுப் பேச்சுவழக்கே பொருந்துகிறது. அங்கும் ‘பண்றேன்’, ‘பண்ணுறேன்’ ஆகியவற்றில் ஒன்றையே கடைசிவரை கையாள்கிறேன்.