விடுதியில் பகிடிவதை: முறைப்பாட்டை எங்கிருந்து தொடங்குவது?

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வந்த முதலாம் வருட மாணவன் ஒருவனை இரவு பதினொரு மணிக்கு விடுதி மொட்டைமாடிக்குக் கூப்பிட்டு, எழும்ப முடியாத அளவுக்கு டிப்ஸ் அடிக்க வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விடிந்ததும் அம்மாவுக்குப் போன் எடுக்கிறான்.

படி 1: முதலில் ஆஸ்பத்திரி. அளவுக்கு மீறிய உடற்பயிற்சியில் தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கலாம். சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால், அல்லது குறைந்துவிட்டால், பனடோலைப் போட்டுவிட்டுப் படுக்க வேண்டாம். உடனே கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குப் போங்கள். 1997இல் பேராதனை மாணவன் வரப்பிரகாஷ் பகிடிவதைக்குப் பின் சிறுநீரகம் செயலிழந்துதான் இறந்தான். அடுத்த வருடமே பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது.

டொக்டரிடம் "விழுந்திட்டன்" என்று சொல்லாதீர்கள். பலர் பயத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். பிறகு அதுவே வழக்கைக் கெடுக்கிறது. நடந்ததைச் சொன்னால், சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கும் வழி பிறக்கும். அவருடைய அறிக்கை பெரிய சாட்சி.

படி 2: அன்றைக்கே எழுதுங்கள். "சீனியர்மார் கஷ்டப்படுத்துகிறார்கள்" என்பது போதாது. திகதி, நேரம், எந்த மாடி, என்ன செய்யச் சொன்னார்கள், யார் பக்கத்தில் நின்றார்கள் என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் பட்டப்பெயர், பீடம், அடையாளம் போதும். வட்ஸ்அப் மிரட்டல்களை அழியுமுன் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

படி 3: ஒரே கடிதம், பல இடம். வார்டனிடம் மட்டும் வாயால் சொன்னால், "பேசித் தீர்ப்போம்" என்பதோடு முடிந்துவிடக்கூடும். வார்டன், மாணவ ஆலோசகர், உபவேந்தர் மூவருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். பிரதி ஒன்று கொழும்பு 7, வோட் பிளேஸ், இல. 20இல் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் போகட்டும்.

படி 4: பொலிஸ். இப்போதே ஆபத்து என்றால் 119. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை சிறை. பாலியல் துன்புறுத்தலோ பாரிய காயமோ என்றால் பத்து வருடம் வரை. உடலில் காயமே இல்லாவிட்டாலும், மனவேதனையும் பயமும் ஏற்படுத்துவது இந்தச் சட்டத்தின்படி பகிடிவதைதான்.

வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதினால், விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

படி 5: பதில் இல்லையென்றால். அரச பல்கலைக்கழகமோ பொலிஸோ அசையாவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழு, தொலைபேசி 1996. அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணையில் சேராது. ஆகவே "பரீட்சை முடியட்டும்" என்று தள்ளிப்போடாமல், அந்த மாதத்துக்குள்ளேயே முறைப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள்.