விலை சொல்லும் செய்தியில் விடும் ஓட்டைகள்: ஒரு கிரயப் பத்திரத்தை வைத்து

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004-இல் வந்தபிறகு, இந்தப் பக்கத்து மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும் வேலை நிலையாகக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே வழக்கு நடப்பது ஆங்கிலத்தில். கிரயப் பத்திரம், உயில், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் இருப்பது தமிழில். வக்கீல் அலுவலகத்திலிருந்து ஸ்கேன் செய்த கோப்பு வாட்ஸ்அப்பில் வரும், கூடவே "எவ்வளவு ஆகும்?" என்று ஒரு வரி. அதற்கு நம்மில் பலர் அனுப்பும் பதில் இப்படி இருக்கும்:

"வணக்கம் சார். சொல்லுக்கு 2 ரூபாய். குறைந்தபட்சம் 500. வேலை முடிந்ததும் பணம் அனுப்பினால் போதும். நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்."

பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கு வரியிலும் ஓட்டை. ஆறு பக்கக் கிரயப் பத்திரம் ஒன்று, இறப்புச் சான்றிதழ் ஒன்று, வாரிசுச் சான்றிதழ் ஒன்று என மூன்று ஆவணங்கள் வந்திருப்பதாக வைத்துக்கொண்டு பார்ப்போம். விலைகள் கணக்குக்காக மட்டுமே. அவரவர் விலையைப் போட்டுக்கொள்ளலாம்.

முதல் ஓட்டை பெரியது. சொல்லுக்கு 2 ரூபாய் என்றால் எந்தச் சொல்லுக்கு? தமிழில் "வீட்டிலிருந்து" என்பது ஒரே சொல், ஆங்கிலத்தில் மூன்று. பத்திரத் தமிழில் விகுதிகளும் துணைவினைகளும் ஒன்றோடொன்று ஒட்டி நீண்டுகொண்டே போவதால், ஆங்கிலப் பிரதியில் சொற்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுவது சாதாரணம். நம் பத்திரத்தில் பக்கத்துக்கு 25 வரி, வரிக்கு 12 சொல் என்றால் ஆறு பக்கத்துக்கு 1,800 தமிழ்ச் சொற்கள். ஆங்கிலத்தில் அது சுமார் 2,400 ஆகும். மூலத்தை எண்ணினால் 3,600 ரூபாய். முடிந்த பிரதியை எண்ணினால் 4,800. நீங்கள் 4,800-க்கு பில் அனுப்புவீர்கள். வக்கீலின் குமாஸ்தா பத்திரத்தைப் புரட்டிப் பார்த்து 3,600 என்பார். இருவர் கணக்கும் சரிதான், அதனால்தான் சண்டை தீராது.

மூலச் சொல்லுக்கு விலை வைப்பது வாடிக்கையாளருக்கு வசதி. வேலைக்கு முன்பே தொகை தெரிந்துவிடும். ஆனால் ஸ்கேன் படத்தில் சொற்களைக் கணினி நம்பும்படி எண்ணித் தராது. அதனால் பத்திர வேலைக்கு முடிந்த ஆங்கிலப் பிரதியின் சொற்களுக்கே விலை வைப்பது நல்லது என்பது என் கட்சி. அப்படி வைத்தால் ஒரு கடமையும் சேர்ந்து வருகிறது: மதிப்பீட்டுத் தொகையையும் உச்ச வரம்பையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "சுமார் 4,800, 5,200-ஐத் தாண்டும் போலிருந்தால் நிறுத்திவிட்டுக் கேட்பேன்" என்றால் எதிராளி நிம்மதியாக இருப்பார். எண்களும் முத்திரைகளும் கணக்கில் உண்டு என்பதையும் அங்கேயே எழுதுங்கள். பத்திரத்தின் பின்பக்கத்தில் சார்பதிவாளர் அலுவலக முத்திரை, பதிவு எண், சாட்சிகள் விவரம் என்று நிறைய இருக்கும். ஆறு பக்கம் என்று சொல்லி அனுப்புகிறவர் பெரும்பாலும் இவற்றை எண்ணியிருக்க மாட்டார். சர்வே எண்ணும் நான்கெல்லை விவரமும்தான் தப்பில்லாமல் அடிக்க அதிக நேரம் எடுப்பவை. அவற்றை இலவசமாகச் செய்ய எந்த நியாயமும் இல்லை.

அடுத்தது குறைந்தபட்சம் 500. எதற்கு 500? மொத்த வேலைக்கா, ஒவ்வோர் ஆவணத்துக்குமா? நம் சான்றிதழ்கள் இரண்டும் ஆங்கிலத்தில் தலா 120 சொல் வரும் என்று வைத்தால், சொல் கணக்கில் இரண்டுக்கும் சேர்த்து 480 ரூபாய். வக்கீல் படிக்கும்போது, மொத்தத் தொகை 500-ஐ எப்போதோ தாண்டிவிட்டது, ஆகவே குறைந்தபட்சம் இங்கே பொருந்தாது என்றே எடுத்துக்கொள்வார். நீங்களோ தலா 500 என்று 1,000 ரூபாய் எதிர்பார்த்திருப்பீர்கள். வேறு சிலர் இந்த 500-ஐச் சொல் கட்டணத்துக்கு மேல் தனியாகக் கேட்கும் தொகை என்றும் நினைத்துவிடுகிறார்கள்.

தீர்வு எளிது. 500-ஐ 2-ஆல் வகுத்தால் 250. "250 சொல்லுக்குக் குறைவான ஒவ்வோர் ஆவணத்துக்கும் 500 ரூபாய் மட்டும்" என்று எழுதிவிட்டால் மூன்று சந்தேகங்களும் போய்விடும். ஏன் என்று யாராவது கேட்டால் ஒரு வரியில் சொல்லலாம்: கட்டம் போட்டு அமைப்பது, வாரிசுகளின் பெயர் எழுத்துகளை ஆதாரோடு ஒத்துப்பார்ப்பது, உறுதிமொழி வாசகம் சேர்ப்பது எல்லாம் 120 சொல் ஆவணத்துக்கும் உண்டு. கேட்காதபோது இந்த விளக்கம் வேண்டாம். விலைக்குப் பக்கத்தில் காரணம் நீளநீள, பேரம் பேசுவதற்கு இடம் இருப்பதாகவே தோன்றும். பத்திரம் மட்டும் வந்திருந்தால் குறைந்தபட்சம் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம்.

"வேலை முடிந்ததும்" என்பது எந்த நாள்? நமக்குக் கோப்பு அனுப்பிய நாள். வக்கீலுக்கு மனு தாக்கல் ஆகும் நாள், அல்லது அவருடைய கட்சிக்காரர் பணம் கொடுக்கும் நாள். யாரும் ஏமாற்றவில்லை. நாளைக் குறிப்பிடாததால் வந்த வினை. கோப்பு அனுப்பிய நாளிலிருந்து எண்ணுங்கள். திருத்தம் சொல்வதற்கும் ஒரு கெடு வையுங்கள்.

இதற்குச் சட்டத்திலும் ஒரு பிடி இருக்கிறது. மத்திய அரசின் உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில் செய்கிறவராக நீங்கள் இருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் உங்களுக்கு உதவும். எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் வர வேண்டும். அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் 15 நாள். வேலையைப் பெற்றுக்கொண்டவர் 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லவில்லை என்றால், ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகக் கொள்ளப்படும். இதையெல்லாம் விலைச் செய்தியில் எழுதினால் மிரட்டுவதுபோல் ஆகிவிடும். நாளை மட்டும் தெளிவாகப் போட்டு வையுங்கள், தேவைப்படும்போது அது நிற்கும்.

கடைசி வரி, "பார்த்துச் செய்யுங்கள்". நம் ஊரில் இது மரியாதை. விலைக்குக் கீழே வந்தால் மட்டும் பொருள் வேறு: மேலே சொன்ன எதுவும் உறுதியில்லை என்று நாமே சொல்வது. மரியாதையை வணக்கத்தோடு வைத்துக்கொள்ளலாம்.

அதே செய்தியை இப்படித் திருத்துவேன்:

"வணக்கம் சார். மூன்று ஆவணங்களும் கிடைத்தன.

கிரயப் பத்திரம்: முடிந்த ஆங்கிலப் பிரதியில், எண்களும் முத்திரைகளும் உட்பட, சொல்லுக்கு ரூ.2. சுமார் 2,400 சொல், ரூ.4,800. ரூ.5,200-ஐத் தாண்டுவதாக இருந்தால் முன்பே கேட்பேன்.

சான்றிதழ்கள் இரண்டு: 250 சொல்லுக்குக் குறைவு என்பதால் தலா ரூ.500.

மொத்தம் சுமார் ரூ.5,800. தொடங்க முன்பணம் ரூ.2,900. அது வந்ததிலிருந்து நான்கு வேலை நாளில் கோப்பு அனுப்புவேன். திருத்தம் இருந்தால் மூன்று நாளில் சொல்லுங்கள். மீதியைக் கோப்பு அனுப்பிய ஏழு நாளுக்குள் அனுப்ப வேண்டுகிறேன்.

இந்த விலை வரும் வெள்ளி வரை. சம்மதம் என்றால் ஒரு வரி பதில் போடுங்கள்."

அந்த ஒரு வரிப் பதிலை விட்டுவிடாதீர்கள். குமாஸ்தா தொலைபேசியில் "ஆரம்பியுங்கள், சார் சொல்லிவிட்டார்" என்றால், "நீங்கள் சொன்னபடி தொடங்குகிறேன், மேலே உள்ள விலைக்கு" என்று அந்தச் செய்தியின் கீழேயே எழுதி அனுப்பிவிட்டு, முன்பணம் வந்தபிறகு பத்திரத்தைத் திறங்கள்.