அடுக்கில் 2 போடலாமா? வினைவேகமும் சமநிலையும், கணக்கு வழியாக

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் சாயங்காலம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வேதியியல் படிக்க வருவார்கள். போன வாரம் தேவகோட்டையிலிருந்து வரும் பையன் ஒருவன் ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைவுக்கு வினைவேக விதி எழுதச் சொன்னதும் யோசிக்காமல் k[H₂O₂]² என்று எழுதிவிட்டு, “டீச்சர், சமன்பாட்டுல 2 இருக்குல்ல, அப்ப அடுக்குலயும் 2 தானே?” என்றான். தேர்வில் மதிப்பெண் அதிகம் போகும் இடம் இதுதான். அதனால் அந்த 2-ஐ எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்பதையே பிடித்துக்கொண்டு இரண்டு பாடத்தையும் பார்த்துவிடலாம்.

முதல் படி: அடுக்கைச் சோதனையிடம் கேளுங்கள்

வினை இது: 2H₂O₂ → 2H₂O + O₂. வினைவேக விதியை வேகம் = k[H₂O₂]ⁿ என்று மட்டும் எழுதி வையுங்கள். n என்ன என்று சமன்பாட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. சமன்பாடு மொத்தத்தில் எவ்வளவு போய் எவ்வளவு வந்தது என்று சொல்லுமே தவிர, மூலக்கூறுகள் எத்தனை கட்டமாக, எந்த வழியில் மாறின என்று சொல்லாது. வேகத்தை முடிவு செய்வது அந்த வழிதான்.

சோதனை எப்படி நடக்கும் என்றால், வினை நடந்துகொண்டிருக்கும் கரைசலிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிப்பெட்டில் ஒரே அளவு எடுத்து, குளிர்ந்த நீர்த்த கந்தக அமிலத்தில் விட்டு வினையை நிறுத்தி, பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஒவ்வொரு சொட்டும் விழுந்ததும் நிறம் மறையும். லேசான இளஞ்சிவப்பு மறையாமல் நிற்கும் இடத்தில் அளவைக் குறிக்க வேண்டும். பெராக்சைடு எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதற்கேற்ற அளவு பெர்மாங்கனேட் செலவாகும். வகுப்புக்காக நான் போட்ட அளவுகள் இவை:

```
t (min) :  0     10    20    30    40
V (mL)  : 24.0  17.0  12.0  8.5   6.0
```

இரண்டாம் படி: கணக்குக்கு முன்னால் அரைவாழ்காலம்

கால்குலேட்டரைத் தொடாமல் எண்களைப் பாருங்கள். 24 பாதியாகி 12 ஆக 20 நிமிடம். 12 பாதியாகி 6 ஆகவும் 20 நிமிடம். நடுவில் 17-லிருந்து 8.5-க்கு வரவும் அதே 20 நிமிடம்தான். எங்கிருந்து தொடங்கினாலும் பாதியாக ஒரே நேரம் ஆகிறது என்றால் அது முதல் வகை வினை. பூஜ்ய வகையாக இருந்தால் செறிவு குறையக் குறைய அரைவாழ்காலமும் குறையும். இரண்டாம் வகையாக இருந்தால் இரண்டாவது பாதிக்கு 40 நிமிடம் ஆகியிருக்கும். ஆக n = 1, சமன்பாட்டில் 2 இருந்தும்கூட.

மூன்றாம் படி: k கண்டுபிடிப்பது

```
k = (2.303 / t) × log(V₀ / Vt)

t = 10 : 0.2303  × log(24/17)  = 0.0345
t = 20 : 0.1152  × log(24/12)  = 0.0347
t = 30 : 0.0768  × log(24/8.5) = 0.0346
```

மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கின்றன, k ≈ 0.0346 min⁻¹. எண்கள் ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே அல்லது இறங்கிக்கொண்டே போனால் நீங்கள் எடுத்த வினைவகை தப்பு என்று பொருள். ஒரு நேரத்துக்கு மட்டும் k கண்டுபிடித்து நிறுத்தினால் இது தெரியாமலே போய்விடும், அதனால் குறைந்தது மூன்று இடத்திலாவது போட்டுப் பாருங்கள்.

இங்கே செறிவு கேட்காமல் கன அளவையே போட்டோம், இரண்டும் நேர்விகிதம் என்பதால் விகிதத்தில் அது அடிபட்டுவிடும். ஆனால் கேள்வியில் வெளிவந்த ஆக்சிஜனின் கன அளவைக் கொடுத்திருந்தால் கவனம். அது மிச்சம் இல்லை, ஏற்கெனவே சிதைந்துபோன பங்கு. அப்போது log-க்குள் V∞ / (V∞ − Vt) போட வேண்டும். இந்த ஒரு இடத்தில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே தடுமாறுகிறார்கள்.

வரைபடம் வந்தால்

எது நேர்கோடு என்று மட்டும் பாருங்கள். [A]–t நேர்கோடாக இறங்கினால் பூஜ்ய வகை, ln[A]–t இறங்கினால் முதல் வகை, இரண்டிலும் சாய்வு −k. 1/[A]–t நேர்கோடாக ஏறினால் இரண்டாம் வகை, சாய்வு +k. அப்புறம் அச்சில் ln-ஆ log-ஆ என்று படிக்காமல் சாய்வை எடுக்காதீர்கள், log என்றால் சாய்வு −k/2.303.

இப்போது சமநிலை, இங்கே 2 உண்டு

H₂ + I₂ ⇌ 2HI. ஒரு லிட்டர் மூடிய கலனில் ஹைட்ரஜன் 1 மோல், அயோடின் 1 மோல், Kc = 49 என்று வைத்துக்கொள்வோம். சமநிலை மாறிலியில் சமன்பாட்டு எண் அப்படியே அடுக்காகும், ஏனென்றால் வினை எந்த வழியில் போனாலும் கடைசியில் நிற்கும் இடம் ஒன்றுதான், அதற்கு மொத்தச் சமன்பாடே போதும்.

```
           H₂      I₂      HI
தொடக்கம்    1       1       0
மாற்றம்     −x      −x      +2x
சமநிலை    1−x     1−x      2x

(2x)² / (1−x)² = 49
2x / (1−x) = 7
x = 7/9 = 0.778
[HI] = 1.556 M
```

HI-க்கு x என்று எழுதுவதும், 2x எழுதிவிட்டு வர்க்கத்தை மறப்பதும் இங்கே வழக்கமான தப்பு. விடையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 1.556-ஐ 0.222-ஆல் வகுத்தால் 7, அதன் வர்க்கம் 49. சரி.

சமநிலைக்கு இரண்டு வரைபடம் உண்டு, பிள்ளைகள் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். வேகம்–நேரம் வரைபடத்தில் முன்னோக்கு வினையின் கோடு இறங்கி, பின்னோக்கு வினையின் கோடு ஏறி, இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து போகும். செறிவு–நேரம் வரைபடத்தில் கோடுகள் சேர வேண்டியதில்லை, தனித்தனி உயரத்தில் கிடையாகப் போகும். நம் கணக்கில் HI 1.556-இலும் மற்ற இரண்டும் 0.222-இலும் நிற்கின்றன. அதனால் முதலில் செங்குத்து அச்சைப் படியுங்கள்.

அடுக்கு விஷயத்தில் இன்னும் ஒன்று. எங்கள் ஊர் வீட்டுச் சுவர் பளபளக்கிறதே, அந்தச் சுண்ணாம்பு சூளையில் CaCO₃ ⇌ CaO + CO₂ என்று நடந்த வினையிலிருந்து வந்தது. திண்மங்கள் சமநிலை மாறிலியில் வரவே வராது, Kp என்பது CO₂-வின் அழுத்தம் மட்டும். ஆகவே மூடிய கலனில் ஏற்கெனவே சமநிலை வந்துவிட்டால், வெப்பநிலை மாறாதவரை சுண்ணாம்புக்கல்லை எவ்வளவு கூடப் போட்டாலும் CO₂ அழுத்தம் மாறாது. சூளையோ திறந்தது, வாயு மேலே போய்க்கொண்டே இருக்கும், அங்கே சமநிலைக்கு இடமே கிடைப்பதில்லை, அதனால்தான் கல் முழுக்க வெந்து சுண்ணாம்பாகிறது.