ஓடா, ஷீட்டா: முப்பது வருஷக் கணக்கில் எங்கே சறுக்குகிறோம்?

சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்டு, குறைவாகச் சொன்னவரிடம் கூரையை ஒப்படைப்பதுதான் வழக்கம். அந்தச் சதுர அடியிலேயே முதல் தவறு இருக்கிறது. மங்களூர் ஓட்டுக்கு ஏறக்குறைய 30 டிகிரி சரிவு வேண்டும்; குறைந்தால் காற்றடிக்கும் மழையில் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறிவிடும். தரையளவு 1,000 சதுர அடி என்றால், அந்தச் சரிவில் கூரை 1,155 சதுர அடி. ஷீட்டுக்கு 10 டிகிரி போதும், சுமார் 1,020 தான்.

கணக்குக்காக, கூரையைத் தாங்கும் இரும்பு ட்ரஸ்ஸோடு சேர்த்து, சதுர அடிக்கு ஷீட்டுக்கு 250 ரூபாய், ஓட்டுக்கு 320 ரூபாய் என்று வைப்போம். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஷீட் 2.55 லட்சம், ஓடு 3.70 லட்சம். ட்ரஸ்ஸுக்குப் பெயின்ட் அடிப்பது இரண்டுக்கும் பொது என்பதால் விட்டுவிடலாம். உடைந்த ஓடு மாற்ற, முகட்டு ஓட்டின் பூச்சைச் சரிசெய்ய வருஷத்துக்கு 3,000 போட்டால் 30 வருஷத்துக்கு 90,000. (குரங்கும் தென்னை மரமும் உள்ள வீட்டில் இது போதாது.) ஆக, ஓடு 4.60 லட்சம். எல்லாம் இன்றைய விலையில்தான். ஒரு செலவை மட்டும் விலைவாசி ஏற்றத்தோடு எழுதினால் ஒப்பீடே கெட்டுவிடும்.

ஷீட் 20 வருஷம் தாங்கும் என்று வைத்தால், பத்தாம் வருஷம் ஸ்க்ரூ மாற்ற 20,000, இருபதாம் வருஷம் ட்ரஸ்ஸை விட்டுவிட்டு ஷீட்டை மட்டும் மாற்ற 1.22 லட்சம். கூட்டினால் 3.97 லட்சம். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். முப்பதாம் வருஷம் புது ஷீட்டுக்கு இன்னும் பாதி ஆயுள் பாக்கி இருக்குமே! அந்த 61,000-ஐக் கழித்தால் 3.36 லட்சம்தான்.

சரி, ஷீட்டே லாபம் என்று முடிவு கட்டலாமா? கடலோர வீடாக இருந்து உப்புக்காற்றில் ஷீட் 10 வருஷத்தில் போய்விட்டால், இரண்டு முறை மாற்ற 2.44 லட்சம் ஆகும். மொத்தம் 4.99 லட்சம், ஓட்டைவிட அதிகம். அதனால் விற்பவர் சொல்லும் வாரன்ட்டி வருஷத்தை ஆயுளாக எழுதாதீர்கள். அது பெரும்பாலும் மேல்பூச்சுக்குத்தான். உங்கள் தெருவிலேயே பழைய ஷீட் கூரையைப் போய்ப் பாருங்கள். துரு முதலில் ஸ்க்ரூவைச் சுற்றியும், வெட்டிய ஓரத்திலும், ஷீட் மேல் ஷீட் ஏறும் இடத்திலும்தான் பிடிக்கும். ஸ்க்ரூவுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்தால் தண்ணீர் இறங்கும். நடுப்பகலில் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் ஊசிமுனை வெளிச்சம் தெரியும்.

ஷீட்டுக்கு அடியில் வெப்பத்துக்காக ஃபால்ஸ் சீலிங் போடப் போகிறீர்கள் என்றால் அதையும் ஷீட் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். சதுர அடிக்கு 60 ரூபாய் என்றாலே 60,000 ஏறிவிடும்.

காங்கிரீட் தளத்தை மட்டும் இதோடு நேராக ஒப்பிட முடியாது. பின்னால் மாடி எழுப்பினால் அது தரையாகவும் ஆகிவிடுகிறது.