pH 6.8 உள்ள நீர் காரமாக இருக்க முடியுமா?

"60 °C வெப்பநிலையில் ஒரு நீர்மாதிரியின் pH 6.8. அது அமிலமா, காரமா?" பதினோராம் வகுப்பில் அயனிச் சமநிலைப் பாடத்தை இந்தக் கேள்வியோடுதான் தொடங்குவேன். நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்: "ஏழுக்குக் கீழே இருக்கிறதே ஐயா, அமிலம்தான்." சரியான விடை காரம். அந்த நீரில் ஹைட்ரஜன் அயனிகளைவிட ஹைட்ராக்சைடு அயனிகள் ஏறத்தாழ நான்கு மடங்கு இருக்கின்றன.

மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆறாம், ஏழாம் வகுப்புகளில் வண்ண அட்டையைக் காட்டி, "ஏழு என்றால் நடுநிலை" என்று நாம்தான் மனத்தில் பதிய வைத்தோம். அந்த வாக்கியத்தின் முன்னால் "25 °C-இல்" என்ற ஒரு சொல் இருந்திருக்க வேண்டும். அது எங்கோ உதிர்ந்துவிட்டது.

ஏழு எங்கிருந்து வந்தது?

தூய நீரில் இரண்டு மூலக்கூறுகள் மோதும்போது, மிக அரிதாக ஒன்றிலிருந்து ஒரு புரோட்டான் மற்றொன்றுக்குத் தாவுகிறது. ஒன்று ஹைட்ரோனியம் அயனியாகிறது, மற்றது ஹைட்ராக்சைடு அயனியாகிறது. அடுத்த கணமே அவை மீண்டும் சேர்ந்து நீராகவும் ஆகிவிடும். 25 °C-இல் எந்த நேரத்தில் பார்த்தாலும், சுமார் 55 கோடி நீர் மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஹைட்ரஜன் அயனி இருக்கும். லிட்டருக்கு 10⁻⁷ மோல் என்று நாம் எழுதுவது இதைத்தான். ஹைட்ராக்சைடும் அதே அளவு. இரண்டின் செறிவுகளையும் பெருக்கினால் கிடைப்பது நீரின் அயனிப் பெருக்கம்:

Kw = [H⁺][OH⁻] = 1.0 × 10⁻¹⁴ (25 °C)

நடுநிலை என்பதன் பொருள் இவ்வளவே: இரு அயனிகளின் செறிவும் சமம். அந்த வரையறையில் ஏழு என்ற எண்ணே இல்லை. Kw எவ்வளவோ, அதன் வர்க்கமூலமே நடுநிலையில் ஹைட்ரஜன் அயனிச் செறிவு. செறிவின் எதிர் மடக்கை pH ஆவதுபோல, Kw-இன் எதிர் மடக்கை pKw. ஆகவே நடுநிலை pH என்பது pKw-இல் பாதி. 25 °C-இல் pKw 14.00 ஆக அமைந்ததால் பாதி ஏழாக அமைந்தது. pH அளவுகோலை 1909-இல் அறிமுகப்படுத்திய டென்மார்க் நாட்டு வேதியியலர் சோரன்சன் 18 °C-இல் வேலை செய்தவர். அவர் கணக்கில் நடுநிலைப் புள்ளி 7.07. அளவுகோலை உருவாக்கியவரே ஏழு என்று சொல்லவில்லை என்பது வகுப்பில் எனக்குக் கைகொடுக்கும் செய்தி.

சூடாக்கினால் ஏன் கூடுகிறது?

ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து நீராகும்போது வெப்பம் வெளியாகிறது என்பதை நாம் வேறொரு பாடத்தில் படித்திருக்கிறோம். அதன் பெயர் அங்கே நடுநிலையாக்கல் வெப்பம். வலிமைமிகு அமிலம் எதுவானாலும், வலிமைமிகு காரம் எதுவானாலும், நீர்த்த கரைசலில் அந்த வெப்பம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். 25 °C-இல் மோலுக்கு சுமார் 56 கிலோஜூல். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் கலந்தாலும், நைட்ரிக் அமிலமும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் கலந்தாலும் உண்மையில் நடப்பது ஒரே வினை என்பதே காரணம்.

அந்த வினையைத் திருப்பிப் போடுங்கள். நீர் அயனிகளாகப் பிரிவதற்கு அதே 56 கிலோஜூலை உள்ளே இழுத்தாக வேண்டும். ஆக, நீரின் அயனியாதல் ஒரு வெப்பங்கொள் வினை. வெப்பநிலையை உயர்த்தினால் லீ சாட்லியர் தத்துவப்படி சமநிலை அயனிகளின் பக்கம் நகர்கிறது, Kw கூடுகிறது. இரண்டு பாடங்களையும் தனித்தனியே மனப்பாடம் செய்தவர்கள் இந்த இணைப்பைக் கவனிப்பதில்லை. கவனித்தவர்களுக்கு "Kw ஏன் மாறுகிறது" என்ற கேள்வியே மிஞ்சாது.

மாறும் அளவும் சிறியதல்ல. 0 °C-இல் Kw சுமார் 0.11 × 10⁻¹⁴. 60 °C-இல் 9.6 × 10⁻¹⁴. அறுபது பாகையில் எண்பது மடங்குக்கும் மேல். pH மடக்கை அளவு என்பதாலும், அதிலும் பாதியே எடுப்பதாலும், நடுநிலைப் புள்ளியில் இது அடங்கித் தெரிகிறது: 0 °C-இல் 7.47, 25 °C-இல் 7.00, உடல் வெப்பநிலையான 37 °C-இல் 6.81, 60 °C-இல் 6.51, கொதிநிலையில் ஏறத்தாழ 6.1.

"சூடான நீர் அமிலமாகிவிட்டது"

நான் திருத்தும் விடைத்தாள்களில் அதிகம் தென்படும் தவறு இது. pH குறைந்தது என்பது உண்மை. ஹைட்ரஜன் அயனிச் செறிவு கூடியதும் உண்மை. ஆனால் பிரியும் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு ஹைட்ரஜன் அயனியோடு ஒரு ஹைட்ராக்சைடையும் தருகிறது. 60 °C-இல் தூய நீரில் இரண்டுமே லிட்டருக்கு 3.1 × 10⁻⁷ மோல். தராசின் இரு தட்டுகளிலும் ஒரே அளவு எடை ஏற்றினால் முள் நகராது.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம். pH 6.8 என்றால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 1.6 × 10⁻⁷. 60 °C-க்கான Kw-ஐ, அதாவது 9.6 × 10⁻¹⁴-ஐ, இதனால் வகுத்தால் ஹைட்ராக்சைடு 6.0 × 10⁻⁷. நடுநிலைப் புள்ளி 6.51, நம் மாதிரி அதற்கு மேலே இருக்கிறது. காரம். எதிர்த்திசையிலும் இதே கதைதான்: உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையில் pH 7.2 காட்டும் நீர் சிறிதளவு அமிலத்தன்மை உடையது, ஏனெனில் அங்கே நடுநிலை 7.47.

மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வரி: இரத்தத்தின் pH 7.4. அதை ஏழோடு ஒப்பிட்டு 0.4 தள்ளி இருக்கிறது என்று சொல்கிறோம். 37 °C-க்கான நடுநிலையோடு ஒப்பிட்டால் இடைவெளி ஏறத்தாழ 0.6.

பதினான்கிலிருந்து கழிக்கும் பழக்கம்

முந்தைய தவறு பெயர் வைப்பதில் நேர்வது. இது கணக்கையே கெடுப்பது. pH + pOH = 14 என்பது கைவிரல் பழக்கமாகிவிட்டது; வெப்பநிலை கேள்வியிலேயே கொடுக்கப்பட்டிருந்தாலும் கை 14 என்றே எழுதுகிறது.

லிட்டருக்கு 0.001 மோல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை எடுத்துக்கொள்வோம். pOH 3. 25 °C-இல் pH 11.0. அதே கரைசலை 60 °C-க்குச் சூடாக்கினால் pKw 13.02 ஆகிவிடுவதால் pH 10.02. யாரும் காரத்தை எடுத்துவிடவில்லை. ஹைட்ராக்சைடின் செறிவு அப்படியே இருக்கிறது. ஆனால் pH ஏறத்தாழ ஓர் அலகு இறங்கிவிட்டது. அதே செறிவில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்தால் இரண்டு வெப்பநிலையிலும் pH 3-தான். அமிலத்தில் ஹைட்ரஜன் அயனியை நாமே நேரடியாகப் போடுகிறோம். நீர் தரும் சொற்பம் கணக்கில் வராது. காரத்தில் நாம் போடுவது ஹைட்ராக்சைடு. ஹைட்ரஜன் அயனி எவ்வளவு என்பதை Kw-தான் தீர்மானிக்கிறது. அதனால் வெப்பநிலையின் பாதிப்பு காரப் பக்கத்தில் முழுதாகவும், நடுநிலையில் பாதியாகவும், அமிலப் பக்கத்தில் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கிறது. இந்த ஒரு பத்தியைப் புரிந்துகொண்டவர் சூத்திரத்தைத் தவறாகப் பயன்படுத்த மாட்டார்.

உயரழுத்தக் கொதிகலன்களின் நீரைக் கவனிப்பவர்கள் pH மதிப்பை "25 °C-இல்" என்று சேர்த்தே எழுதுவது இதனால்தான். வெப்பநிலை குறிக்காத pH காரக் கரைசலில் பாதித் தகவல்தான்.

கருவி திருத்திவிடும் என்ற நம்பிக்கை

ஆய்வகத்தில் வரும் தவறு இன்னொன்று. pH மீட்டரில் தானியங்கி வெப்பநிலைத் திருத்தம் இருக்கிறது. ஆகவே அது எல்லாவற்றையும் 25 °C-க்கு மாற்றிக் காட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது செய்வது வேறு. கண்ணாடி மின்முனை ஒரு pH அலகுக்கு 25 °C-இல் 59.2 மில்லிவோல்ட் தருகிறது, 60 °C-இல் 66.1 மில்லிவோல்ட் தருகிறது. மின்முனையின் இந்தச் சரிவு மாற்றத்தை மட்டுமே மீட்டர் சரிசெய்கிறது. நீருக்குள் அயனிகள் உண்மையிலேயே பெருகியிருப்பதை அது அழிப்பதில்லை, அழிக்கவும் கூடாது. 60 °C நீரில் 6.5 காட்டினால், அது அந்த வெப்பநிலையில் உள்ள உண்மையான pH.

இதைச் சோதித்துப் பார்க்கும் ஆர்வத்தில் ஒரு மாணவி, திறந்த பீக்கரில் வாலை வடிநீரைச் சூடாக்கினாள். pH இறங்கும் என்று காத்திருந்தவளுக்கு அது 5.7-இல் தொடங்கி மேலே ஏறியது. "பாடம் தப்பா, மீட்டர் தப்பா ஐயா?" என்று கேட்டாள். இரண்டும் தவறில்லை. திறந்து வைத்த வாலை வடிநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு, pH 5.6-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. அது உண்மையான அமிலத்தன்மை. சூடாக்கும்போது வாயு வெளியேறுகிறது. அந்த ஏற்றம் Kw தரும் இறக்கத்தை மூடிவிடுகிறது.

எது எதனால் என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. நீரைச் சில நிமிடம் கொதிக்கவைத்து, சூட்டோடு மூடி, காற்று படாமல் 25 °C-க்குக் குளிரவிட்டு அளக்க வேண்டும். சூட்டில் 6.5 காட்டியது குளிர்ந்ததும் 7-ஐ ஒட்டி வந்தால், அது நடுநிலை நீர். குளிர்ந்த பிறகும் ஏழுக்கு நன்றாகக் கீழே நின்றால், ஏதோ அமிலம் இருக்கிறது. மிகத் தூய நீரில் அயனிகள் குறைவு என்பதால் மீட்டரின் எண் நிலைகொள்ளாமல் அலையும். சிறிது பொட்டாசியம் குளோரைடு சேர்த்தால் அடங்கும். சரிபார்க்கும் தாங்கல் கரைசலின் மதிப்பையும் அதன் புட்டியில் உள்ள அட்டவணைப்படி அந்த வெப்பநிலைக்கே எடுக்க வேண்டும்.

உண்மையில் pH மீட்டரைவிட மின்கடத்துதிறனே இங்கு நம்பகமான சாட்சி. 1894-இல் ஜெர்மனியில் கோல்ராஷும் ஹைட்வைலரும் வெற்றிடத்தில் வாலைவடித்த நீரை அளந்தபோது, எவ்வளவு தூய்மைப்படுத்தினாலும் கடத்துதிறன் பூச்சியமாகவில்லை. மிஞ்சியது நீரின் சொந்த அயனிகளால் வருவது.

எல்லை எங்கே?

"வெப்பநிலை கூடக்கூட Kw கூடிக்கொண்டே போகும்" என்று எழுதுவதும் தவறுதான், பள்ளிக்கூடத்தில் யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள் என்றாலும். அழுத்தத்தின் கீழ் நீர்மமாகவே வைத்துச் சூடாக்கினால், 250 °C-ஐ ஒட்டி pKw சுமார் 11.2 வரை இறங்கி, பிறகு மீண்டும் ஏறத் தொடங்குகிறது. அயனிகளைச் சூழ்ந்து தாங்கும் ஆற்றலை நீர் இழந்துகொண்டே வருவதே இதற்குக் காரணம்: அதன் மின்காப்பு மாறிலி 25 °C-இல் 78, 250 °C-இல் 30-க்கும் கீழே. பிரிக்க வெப்பம் தாராளமாக இருக்கிறது. பிரிந்தவற்றை விலக்கி வைக்கத்தான் நீரால் முடிவதில்லை.