பற்றரி, பல்ப், சுவிட்ச்: பிள்ளையோடு வீட்டில் ஒரு மின்சுற்று

விஞ்ஞானப் பாடத்துக்கு மின்சுற்று செய்துகொண்டு வரச் சொன்னால் பல வீடுகளில் கடையில் விற்கிற செட்டை வாங்கி அப்படியே கொடுத்தனுப்பி விடுகிறோம். பல்ப் எரியும், ஆனால் ஏன் எரிகிறது என்று பிள்ளைக்குப் பிடிபடாது. ஒரு பின்னேரம் பக்கத்தில் இருந்து செய்ய வைத்தால் போதும்.

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ மின்சாமான் கடையில் 2.5 வோல்ட் டோர்ச் பல்ப் ஒன்று கேளுங்கள். எல்இடி வேண்டாம். உள்ளே மெல்லிய இழை தெரிகிற பழைய மாதிரிப் பல்ப்தான் இதற்குச் சரி. சுவர் மணிக்கூட்டுக்குப் போடுகிற 1.5 வோல்ட் பற்றரி இரண்டு, மெல்லிய வயர் ஒரு மீற்றர், கார்ட்போட் துண்டு, இரண்டு டிராயிங் பின், ஒரு பேப்பர் கிளிப், டேப். வயரின் நுனிகளில் இரண்டு சென்ரிமீற்றர் அளவுக்குப் பிளாஸ்டிக் உறையை நீங்களே சீவிக் கொடுங்கள். பிளேட் பிள்ளையின் கைக்குப் போக வேண்டாம்.

முதலில் ஒரு பற்றரி, ஒரு வயர், பல்ப் மட்டும் கொடுத்து எரிய வைக்கச் சொல்லுங்கள். உடனே வழி சொல்லாதீர்கள். பெரும்பாலான பிள்ளைகள் வயரைப் பல்பின் அடிப்பொட்டிலேயே தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். பல்பைத் திருப்பிக் காட்டுங்கள்: அடியில் ஒரு ஈயப் பொட்டு, பக்கத்தில் மரை வெட்டிய உலோகம், இரண்டுக்கும் நடுவே மின் கடத்தாத வளையம். இழையின் ஒரு முனை பொட்டோடும் மற்ற முனை மரையோடும் சேர்ந்திருக்கிறது. பொட்டைப் பற்றரியின் மேட்டில் வைத்து, பற்றரியின் தட்டை அடியிலிருந்து வரும் வயரை மரையில் தொட்டால் மங்கலாக எரியும். மின்னோட்டம் ஒரு வழியால் உள்ளே போய் இழைக்குள்ளால் மறுவழியால் வெளியே வருகிறது என்பது அப்போது விளங்கும்.

இனி இரண்டு பற்றரியையும் ஒன்றின் மேடு மற்றதன் அடியில் முட்டும்படி கடதாசியால் சுற்றி இறுக்கி ஒட்டுங்கள். 3 வோல்ட் கிடைக்கும், வெளிச்சம் கூடும். பற்றரியின் ஒரு முனையிலிருந்து பல்பின் பொட்டுக்கு ஒரு வயர், மறு முனையிலிருந்து மரைக்கு இன்னொரு வயர் என்று டேப்பால் பொருத்துங்கள்.

சுவிட்சுக்கு, கார்ட்போட்டில் இரண்டு பின்னையும் கிளிப்பின் நீளத்துக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில் குத்துங்கள். கிளிப்பின் ஒரு நுனி முதல் பின்னுக்குக் கீழே சிக்கியிருக்கட்டும், மறு நுனி திரும்பி மற்றப் பின்னைத் தொட வேண்டும். பிளாஸ்டிக் தலை பின், நிறம் பூசிய கிளிப் ரெண்டும் உதவாது. பிறகு இருக்கிற வயர் ஒன்றை நடுவில் வெட்டி, வெட்டிய நுனிகளிலும் உறையைச் சீவி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பின்னில் சுற்றுங்கள்.

அநேகம் பேர் சறுக்குவது இங்கேதான். வயரை வெட்டாமல், பல்பின் இரண்டு பக்கத்திலிருந்தும் புதிதாக வயர் இழுத்துச் சுவிட்சில் கட்டி விடுவார்கள். சுவிட்சை மூடினால் பல்ப் அணையும், திறந்தால் எரியும். வேலை செய்கிற மாதிரியே தெரியும். உண்மையில் அது குறுஞ்சுற்று. மின்னோட்டம் இழையை விட்டுவிட்டு, தடை மிகக் குறைந்த கிளிப் வழியாகப் பாய்கிறது. சுவிட்சை மூடும்போது பல்ப் அணைந்தால் உடனே திறந்து, பற்றரியைத் தொட்டுப் பாருங்கள், சூடேறியிருக்கும். பல்ப் இல்லாத பாதையில் பற்றரியின் இரு முனையும் ஒருபோதும் சேரக் கூடாது என்பதே பிள்ளைக்கு முதல் விதி.

அடுத்த விதி உங்களுக்கு. சுவர்ப் பிளக்கில் இருப்பது 230 வோல்ட், உயிரைக் குடிக்கும். உறை சீவிய வயரோடு பிள்ளையைத் தனியே விட்டுப் போகாதீர்கள். பற்றரி முடிந்தால் பிளக்கில் செருகிப் பார்க்கிற ஆசை வரும். “வோல்ட் குறைந்தால் ஆபத்தில்லை” என்றும் நினைக்க வேண்டாம். மோட்டார் சைக்கிள், ஆட்டோ பற்றரி 12 வோல்ட்தான். ஆனால் அதில் குறுஞ்சுற்று வந்தால் பாய்கிற மின்னோட்டம் மிக அதிகம், மெல்லிய வயர் நொடியில் சிவந்து கையைச் சுடும். போன் பற்றரியும் பவர் பேங்கும் தீப்பிடிக்கக் கூடியவை. மூன்றும் இந்த வேலைக்கு வேண்டாம். பட்டன் பற்றரியைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டும், காத்திருந்து பார்க்கக் கூடாது.

எல்லாம் சரியாகக் கட்டியும் எரியாவிட்டால் முதலில் பின்னையும் கிளிப்பையும் பாருங்கள். கடலோரத்து உப்புக் காற்றில் அவை சீக்கிரம் துருப்பிடிக்கும். அரத்தாளால் தேய்த்தால் சரியாகும். அதற்கும் எரியாவிட்டால் பல்பை வெளிச்சத்தில் பிடித்து இழை அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வேலை முடிந்ததும் பற்றரிகளைக் கழற்றி, கிளிப், பின் இருக்கிற பெட்டியில் போடாமல் வேறாக வையுங்கள். ஓரத்தில் வெள்ளைத் தூள் கட்டிய பற்றரியைப் பிள்ளையைத் தொட விடாதீர்கள்.