சூப்பர்வைசர் வேலைக்கு ரெஸ்யூம்: மாவு பாக்கெட் கணக்கில் செய்யும் தவறுகள்

வேலூரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மூட்டை பிரிக்கும் வேலையில் சேர்ந்து, பில்லிங், ஃப்ளோர், அப்புறம் சூப்பர்வைசர் என்று வந்தவன் நான். இப்போது சூப்பர்வைசர் வேலைக்கு வருகிறவர்களை நேர்காணல் செய்யும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பத்து ரெஸ்யூம் வந்தால் எட்டில் ஒரே வரிதான் இருக்கும்: "ஃப்ளோர் பராமரிப்பு, ஸ்டாக் அடுக்குதல், வாடிக்கையாளர் சேவை. கடினமாக உழைப்பேன்." மூன்று வருடம் வேலை பார்த்தவரும் இதைத்தான் எழுதுகிறார், மூன்று மாதம் பார்த்தவரும் இதைத்தான் எழுதுகிறார்.

போன வருடம் எங்கள் தெருத் தம்பி ஒருவன் தன் ரெஸ்யூமைக் கொண்டுவந்து, "அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றான். காட்பாடிப் பக்கம் ஒரு கடையில் சில்லர் செக்ஷன் அவனுடையது. பால், தயிர், பன்னீர், இட்லி மாவு. ரெஸ்யூமில் "சில்லர் செக்ஷன் பொறுப்பு" என்று மட்டும் இருந்தது. இதுதான் முதல் தவறு, எல்லோரும் செய்வது. பொறுப்பு என்பது முதலாளி கொடுத்தது. அதை வைத்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் எங்களுக்கு வேண்டும்.

"சாதனை எல்லாம் ஒண்ணும் இல்லண்ணா, டெய்லி டேட் பார்ப்பேன், அவ்வளவுதான்" என்றான். சரி, மாவு டேட் பார்த்ததைப் பற்றிச் சொல் என்றேன். அரை மணி நேரம் பேசினான்.

அவன் கடையில் மாவு பாக்கெட்டைத் திருப்பி எடுக்கும் ஏற்பாடு கிடையாது. பக்கத்திலேயே அரைத்துத் தருகிறவர் காலையில் இறக்கிவிட்டுப் போவார். விற்காதது கடையின் நஷ்டம். வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். சில்லர் கதவைப் பத்து தடவை திறந்து மூடினால் மாவு புளித்து பாக்கெட் உப்பிவிடும், தேதி இன்னும் இருந்தாலும் யாரும் தொட மாட்டார்கள். அப்படிக் கழிப்பதை எல்லாம் டேமேஜ் நோட்டில் எழுதுவார்கள்.

கடையில் தினமும் 60 பாக்கெட் ஆர்டர் போய்க்கொண்டிருந்தது. திங்களும் 60, சனியும் 60. அது எப்போது, யார் முடிவு செய்தது என்று யாருக்கும் தெரியாது. இவன் கவனித்தது, சனிக்கிழமை சாயங்காலமே மாவு காலியாகிவிடுகிறது, ஞாயிறு காலை டிஃபனுக்காக எல்லோரும் வாங்குகிறார்கள். மற்ற நாட்களில் மிஞ்சுகிறது. மிஞ்சியதன் முன்னால் காலையில் வந்த புது பாக்கெட்டை அடுக்கிவிடுவதால் பழசு பின்னால் கிடந்து உப்புகிறது. மேனேஜரிடம் சொல்லி, சனிக்கிழமைக்கு 85, மற்ற ஆறு நாளுக்கு 50 என்று மாற்ற வைத்தான். பழசை முன்னால் இழுத்துவிட்டுப் புதுசைப் பின்னால் வைப்பதை வழக்கமாக்கினான். இவ்வளவுதான் செய்தது.

"கழிவு குறைஞ்சுதா?" என்றேன். "நல்லாவே குறைஞ்சுதுண்ணா." எவ்வளவு? தெரியவில்லை.

இரண்டாவது தவறு இங்கேதான். மாற்றத்துக்கு முன்னால் இருந்த எண்ணை யாரும் குறித்து வைப்பதில்லை. நல்லது நடந்தபிறகு நினைவில் இருப்பது "நல்லாவே" மட்டும்தான். இவனுக்கு அதிர்ஷ்டம், டேமேஜ் நோட்டு கடையில் இருந்தது. மேனேஜரைக் கேட்டு எண்களை மட்டும் குறித்து வந்தான். மாற்றத்துக்கு முந்தைய 4 வாரத்தில் வந்தது 1,680 பாக்கெட், கழித்தது 134. மாற்றிய பிறகு 4 வாரத்தில் வந்தது 1,540, கழித்தது 62.

உடனே "கழிவை 54 சதவீதம் குறைத்தேன்" என்று எழுதிவிட்டான். 134 எங்கே, 62 எங்கே, கணக்கு சரிதான். ஆனால் அதை நேர்காணலில் ஒரே கேள்வியில் உடைத்துவிடலாம். வரும் பாக்கெட்டே குறைந்தால் கழிவும் தானாகக் குறையுமே? அதனால் எதற்கு எத்தனை என்று பார்க்க வேண்டும். 1,680க்கு 134 என்றால் 100க்கு 8. 1,540க்கு 62 என்றால் 100க்கு 4. பாதியாகியிருக்கிறது. இந்த எண்ணை யாரும் அசைக்க முடியாது. எனக்குத் தனிப்பட்ட முறையில், ரெஸ்யூமில் வெறும் சதவீதத்தைப் பார்த்தாலே சந்தேகம் வரும். "100க்கு 8 என்றிருந்தது 4 ஆனது" என்று எழுதியவரைத்தான் முதலில் கூப்பிடுவேன்.

அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது. கழிவைக் குறைக்க சுலபமான வழி, ஆர்டரையே வெட்டிவிடுவது. சில்லர் காலியாக இருந்தால் கழிக்க ஒன்றும் இருக்காது, வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். இவன் கணக்கில் விற்பனையும் கொஞ்சம் குறைந்திருக்கிறது: முதல் 4 வாரத்தில் 1,546 பாக்கெட், அடுத்த 4 வாரத்தில் 1,478. 68 பாக்கெட் எங்கே போனது?

அந்த இரண்டாவது 4 வாரம் மே மாதம். பள்ளி லீவு, பாதி வீடுகள் ஊருக்குப் போயிருக்கும். அது காரணமாக இருக்கலாம், ஆனால் "இருக்கலாம்" என்பது பதில் ஆகாது. நல்லவேளை, ராத்திரி 8 மணிக்கு மாவு தட்டு காலியாக இருந்த நாட்களை அவன் தன் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தான், வேறு எதற்கோ. 28 நாளில் 3 நாள்தான் காலி. ஆக, ஆர்டரை வெட்டியதால் விற்பனை போகவில்லை என்று சொல்ல அவனிடம் ஏதோ ஒன்று இருந்தது. அந்த 3 நாளையும் மறைக்காமல் சொல் என்றேன். மறைத்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

மேயில் வெயில் அதிகம், மாவு சீக்கிரம் புளிக்கும், அந்த மாதத்திலேயே கழிவு பாதியானது என்பது அவன் பக்கம் இன்னொரு வலு. இதை அவனே யோசிக்கவில்லை. தன் வேலையின் கஷ்டம் தனக்கே பழகிவிட்டால் அது ரெஸ்யூமுக்கு வராது.

பணமாகச் சொல்ல வேண்டுமா? அடக்கவிலை பாக்கெட்டுக்கு 40 ரூபாய் என்றால் 72 பாக்கெட்டுக்கு மாதம் 2,880 ரூபாய். சின்ன தொகைதான். இதைப் பன்னிரண்டால் பெருக்கி "வருடம் 34,560 ரூபாய் மிச்சப்படுத்தினேன்" என்று எழுத ஆசை வரும். எழுதாதீர்கள். நடந்தது 4 வாரம், மிச்சம் பதினொரு மாதம் இன்னும் நடக்கவில்லை.

இப்போது எனக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவும் சரியாக எழுதினாலும் அது ஒரு நல்ல சேல்ஸ்மேனின் சாதனைதான். சூப்பர்வைசர் வேலைக்கு நான் கேட்கும் கேள்வி: "உன் வீக் ஆஃப் அன்னைக்கு யார் பழசை முன்னால எடுத்து வச்சது?" அவன் செவ்வாய்க்கிழமை லீவு. முதல் இரண்டு வாரம் புதன்கிழமை காலையில்தான் கழிவு அதிகம் என்பதை நோட்டிலேயே பார்க்கலாம். அப்புறம் பில்லிங்கில் இருந்த ஒரு பெண்ணுக்கும் புதிதாக வந்த பையனுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறான். பழைய பாக்கெட்டில் சின்னதாகச் சிவப்பு ஸ்டிக்கர், அவ்வளவுதான் முறை. மூன்றாவது வாரத்திலிருந்து புதன்கிழமைக் கழிவும் மற்ற நாள் போல ஆனது. இதை அவன் ரெஸ்யூமில் எழுதவே இல்லை! தான் இல்லாத நாளிலும் வேலை நடந்தது என்பதுதான் சூப்பர்வைசருக்கான சான்று. அதையே விட்டுவிட்டு "டீம் பிளேயர்" என்று எழுதியிருந்தான்.

கடைசியில் அந்த வரி இப்படி ஆனது: "சில்லர் பிரிவில் மாவு பாக்கெட் கழிவு 4 வாரத்தில் 100க்கு 8 என்பதிலிருந்து 4 ஆகக் குறைந்தது. கிழமைக்கு ஏற்ப ஆர்டரை மாற்ற மேனேஜரிடம் பரிந்துரைத்தேன்; பழையதை முன்வைக்கும் முறையை 2 ஊழியர்களுக்குப் பயிற்றுவித்தேன், என் விடுமுறை நாளிலும் தொடர்ந்தது." ஆங்கிலத்தில் போடும்போதும் இதே வரிசைதான். "பரிந்துரைத்தேன்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆர்டரை மாற்றியது மேனேஜர். "ஆர்டரை நான் மாற்றினேன்" என்று எழுதி, பழைய கடைக்கு ஒரு போன் போனால் கதை முடிந்தது.

அதே காரணத்துக்காக பதவிப் பெயரையும் உயர்த்தாதீர்கள். மேனேஜர் இல்லாத நேரத்தில் நீங்கள் க்ளோசிங் செய்திருக்கலாம். பதவி "சேல்ஸ் அசோசியேட்" என்றே இருக்கட்டும், அதன் கீழே "வாரத்தில் 2 நாள் மாலை ஷிஃப்ட் க்ளோசிங், கேஷ் ஒப்படைப்பு" என்று எழுதலாம். சேர்ந்த, விலகிய தேதிகளிலும் விளையாட வேண்டாம். பிஎஃப் பிடித்த வேலை என்றால் உங்கள் யூஏஎன் கணக்கிலேயே அந்தத் தேதிகள் இருக்கும்.

லாட்ஜ், ஹோட்டலில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் வங்காளதேசத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களும் தங்குகிறார்கள். வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். ராத்திரி வருகிறவரின் பதிவு, காலை ஷிஃப்ட் மாறும்போது "நீ போட்டிருப்பேன்னு நெனச்சேன்" என்று விட்டுப்போவதுதான் வழக்கமான பிரச்சினை. பதிவு முடியாமல் ஷிஃப்ட் ஒப்படைப்பதில்லை என்ற பழக்கத்தை நீங்கள் கொண்டுவந்திருந்தால், அதில் ரூபாய்க் கணக்கு இல்லாவிட்டாலும் அது சாதனைதான். முன்னே மாதம் எத்தனை பதிவு தாமதம், இப்போது எத்தனை என்று எழுதினால் போதும்.

ஆனால் ஒருவர் இதற்குச் சான்று என்று பாஸ்போர்ட் படங்கள் இருந்த ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். விருந்தாளிகளின் பெயர், நோய், பாஸ்போர்ட் எண் எல்லாம் தெரிகிறது. வேலைக்கு எடுத்தால் எங்கள் கடை விவரத்தையும் இப்படித்தான் வெளியே அனுப்புவார் என்று எனக்குத் தோன்றியது, அவரை நான் கூப்பிடவில்லை. கடை நோட்டையும் பில் விவரத்தையும் படம் எடுக்க வேண்டாம். மாதம் ஒரு தடவை, மேனேஜருக்குத் தெரிந்தே, எண்களை மட்டும் உங்கள் சொந்த டைரியில் எழுதிக்கொள்ளுங்கள். தம்பியும் அப்படித்தான் கொண்டுபோனான். நேர்காணலில் அவனிடம் டைரியை யாரும் கேட்கவில்லையாம். "சனிக்கிழமை 85ம் பத்தலைன்னா என்ன செய்வ?" என்று கேட்டார்களாம். வெள்ளிக்கிழமை மிஞ்சியதை முதலில் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கூட்டுவேன் என்றிருக்கிறான்.